ஆஃபர் லெட்டர் திரும்பப் பெறப்பட்டால்

புது வேலைக்கு ஆஃபர் லெட்டர் வந்தது. சம்மதம் என்று பதில் அனுப்பிவிட்டீர்கள். பழைய கம்பெனியில் ரிசைன் செய்தாகிவிட்டது. சேர்வதற்குச் சில நாள் முன்பு, "உங்கள் ஆஃபரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்" என்று ஒரு மெயில். இந்த அத்தியாயம் அந்த மெயில் வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. தமிழ்நாட்டில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு என்ன வழி இருக்கிறது, எது வெறும் ஆசை, எது கைக்கு வரும் பணம் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கோர்ட்டும் அந்தப் புது வேலையை உங்களுக்கு வாங்கித் தராது. 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம், ஒருவரின் தனிப்பட்ட தகுதியை நம்பி நிற்கிற ஒப்பந்தத்தை வற்புறுத்தி நிறைவேற்ற முடியாது என்கிறது. பிடிக்காத ஆளை வேலையில் வைத்துக்கொள் என்று தனியார் முதலாளிக்கு நீதிமன்றம் ஆணையிடுவதில்லை. ஆஃபரைத் திரும்பப் பெறுவதைத் தடுக்கும் உத்தரவு கேட்டாலும் இதே பதில்தான். சட்டம் தரக்கூடியது பணம் மட்டுமே, அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அதனால் இருப்பதிலேயே பெரிய நிவாரணம் கோர்ட்டில் இல்லை. பழைய கம்பெனியில் உங்கள் நோட்டீஸ் பீரியட் இன்னும் முடியவில்லையே, அந்த நாட்களில்தான் இருக்கிறது.

ஒருவருடைய நிலைமையை எடுத்து நாள் வாரியாகப் பார்ப்போம்.

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் 52,000 ரூபாய். ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி 70,000 ரூபாய்க்குக் கூப்பிடுகிறது. மே 5ஆம் தேதி ஆஃபர் லெட்டர் வருகிறது, 6ஆம் தேதி சம்மதம் சொல்கிறார், 7ஆம் தேதி ரிசைன் செய்கிறார். அவருடைய நோட்டீஸ் பீரியட் 60 நாள். புதுக் கம்பெனி ஜூன் 9இல் சேரச் சொல்கிறது. "மீதி 30 நாளுக்குப் பணம் கட்டிவிட்டு வாருங்கள், அதை நாங்கள் திருப்பித் தருகிறோம்" என்று மெயிலிலேயே எழுதியிருக்கிறார்கள். பழைய கம்பெனி ஜூன் 6ஆம் தேதியைக் கடைசி நாளாக ஒப்புக்கொண்டு, கடைசிக் கணக்கில் 52,000 ரூபாயைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. பூந்தமல்லியில் வீடு பார்த்து மூன்று மாத அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. சாமான் ஏற்ற லாரிக்கு 3,000 ரூபாய் முன்பணமும் கொடுத்தாயிற்று.

ஜூன் 3, செவ்வாய்க்கிழமை மாலை போன் வருகிறது. "மேடம், உங்க பொசிஷன் ஹோல்டுக்குப் போயிடுச்சு. மேலிடத்து முடிவு. நீங்களே 'பர்சனல் காரணத்தால சேர முடியல'ன்னு ஒரு மெயில் போட்டுடுங்க. எங்க சிஸ்டத்துல க்ளீனா க்ளோஸ் பண்ணிடறோம். அடுத்த ஓப்பனிங்ல உங்களைத்தான் முதல்ல கூப்பிடுவோம்."

அந்த மெயிலை எக்காரணம் கொண்டும் அனுப்பாதீர்கள். ஆட்சேர்ப்புத் தளத்தில் 'மறுக்கிறேன்' என்ற பொத்தானையும் அழுத்தாதீர்கள். அனுப்பிய அந்த நிமிடமே, ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்கள் என்று ஆகிவிடும். இந்த ஒரு வரியால் வழக்கு முழுவதும் கவிழும். எச்.ஆர். ஆள் நல்லவராகவே இருக்கலாம், அவருக்கும் நெருக்கடி இருக்கலாம். ஆனாலும் அவர் கேட்பது உங்கள் கையெழுத்து.

போனை வைத்ததும், நடந்த பேச்சை நீங்களே எழுத்தில் கொண்டுவாருங்கள். "இன்று மாலை 5.40க்கு நீங்கள் போனில் பேசும்போது, மே 5ஆம் தேதி ஆஃபரின்படி ஜூன் 9இல் என்னைச் சேர்த்துக்கொள்ள இயலாது என்றீர்கள். மே 6இல் நான் சம்மதம் தெரிவித்ததையும், உங்கள் ஆஃபரை நம்பி மே 7இல் ரிசைன் செய்ததையும் நீங்கள் அறிவீர்கள். நான் சேரத் தயாராகவே இருக்கிறேன். உங்கள் முடிவையும் காரணத்தையும் எழுத்தில் தெரிவியுங்கள்." இவ்வளவு போதும். கோபமும் மிரட்டலும் வேண்டாம். 'சேரத் தயாராக இருக்கிறேன்' என்ற சொற்கள் மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். பதில் வந்தால் அது சாட்சி. பதிலே வராவிட்டால், மறுக்கப்படாத உங்கள் மெயிலே சாட்சி.

பழைய கம்பெனியின் கதவு

நம் கோவைப் பெண்ணுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. செவ்வாய் இரவே அவர் செய்ய வேண்டிய இரண்டாவது வேலை, ரிசைன் கடிதத்தைத் திரும்பப் பெறும் மெயிலை அனுப்புவது. பலர் இங்கேதான் கூச்சப்பட்டுப் பின்வாங்கிவிடுகிறார்கள். கேக் வெட்டிப் பிரியாவிடை கொடுத்த பிறகு எந்த முகத்தோடு கேட்பது என்று இரண்டு நாளை வீணாக்கி, கடைசி நாள் கடந்த பிறகு போய் நிற்கிறார்கள். அதற்குள் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது.

பின்னொரு தேதியில் நடைமுறைக்கு வரும் ராஜினாமாவை, அந்தத் தேதி வருவதற்குள் திரும்பப் பெறலாம் என்பது உச்ச நீதிமன்றம் பல முறை சொன்ன விதி. 2005இல் தீர்ப்பான ஸ்ரீகாந்தா வழக்கு இதற்கு நல்ல உதாரணம். பெங்களூரில் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் 1993 ஜனவரி 4இல் ராஜினாமா கொடுத்தார். அன்றே அது ஏற்கப்பட்டது. ஆனால் விடுவிக்கும் நாள் ஜனவரி 15 என்று ஆனது. இடையில் 8ஆம் தேதி அவர் மனம் மாறி ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார். நிர்வாகம் முடியாது என்றது. ஏற்றுக்கொண்டுவிட்டாலும், விடுவிக்கும் நாள் வரை முதலாளி, ஊழியர் உறவு இருக்கத்தான் செய்கிறது, எனவே திரும்பப் பெற்றது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதில் ஓர் எச்சரிக்கை. அது அரசு நிறுவனம். தனியார் கம்பெனியில் உங்கள் நியமனக் கடிதமும் நிலையாணைகளும் என்ன சொல்கின்றன என்பது முன்னுக்கு வரும். 'ஏற்கப்பட்ட ராஜினாமாவை நிர்வாகத்தின் சம்மதமின்றித் திரும்பப் பெற முடியாது' என்று அதில் இருந்தால் உங்கள் பிடி தளரும். அப்படியே இருந்தாலும் மெயிலை அனுப்புங்கள். சட்டத்தைக் காட்டி மிரட்ட அல்ல. உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் வராத நிலையில், வேலை தெரிந்த ஆள் தங்குவதைப் பெரும்பாலான மேனேஜர்கள் விரும்புவார்கள். முதலில் மேனேஜரிடம் பேசுங்கள். "சார், அங்கே கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார்கள். நான் தொடர்கிறேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதற்கு அடுத்த மணி நேரத்தில் எச்.ஆருக்கு மெயில் போகட்டும். முழுதாகத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயங்கினால், குறைத்துக்கொண்ட நோட்டீஸ் பீரியடையாவது பழையபடி 60 நாளாக நீட்டக் கேளுங்கள். நம் கணக்கில் அது ஜூலை 6 வரை ஒரு மாதச் சம்பளம், கூடவே பிடிக்கப்படவிருந்த 52,000 ரூபாயும் தப்பும்.

சம்மதித்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் விலகிய தேதி ஏற்றப்படவில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பு மெயிலைப் பத்திரப்படுத்துங்கள். நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் முயன்றீர்கள் என்பதற்கு அதுதான் ஆதாரம், அதன் அருமை பின்னால் தெரியும்.

ஒப்பந்தம் பிறந்துவிட்டதா?

பழைய கதவு மூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனிப் புதுக் கம்பெனியிடம் பணம் கேட்க வேண்டும். அதற்கு அடிப்படை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒருவர் முன்வைத்த முனைவை அவர் திரும்பப் பெறலாம், ஆனால் மற்றவரின் சம்மதம் அனுப்பப்படுவதற்குள் திரும்பப் பெற வேண்டும் என்பது அதன் 5ஆம் பிரிவு. நம் கதையில் மே 6ஆம் தேதியே சம்மதம் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர்கள் செய்வதன் பெயர் 'ஆஃபரைத் திரும்பப் பெறுதல்' அல்ல. அது ஒப்பந்த மீறல். இந்தச் சொல் வித்தியாசத்தில்தான் உங்கள் வழக்கே நிற்கிறது.

ஆனால் கையிலுள்ள தாள் உண்மையிலேயே ஆஃபர் லெட்டர்தானா என்று பாருங்கள். 'உங்களைத் தேர்வுசெய்ய எண்ணியுள்ளோம், முறையான கடிதம் பின்னர் வரும்' என்றிருந்தால் அது எண்ணக் கடிதம் மட்டுமே. அதை நம்பி ரிசைன் செய்தவர் நிலை பலவீனமானது. பதவி, சம்பளம், சேரும் தேதி மூன்றும் இருந்து, அதிகாரம் உள்ளவர் கையெழுத்தும் இருந்தால் நல்லது. நீங்கள் சம்மதம் சொன்னபோது 'சம்பளத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் சேருகிறேன்' என்று எழுதியிருந்தால் அது சம்மதமே ஆகாது. சட்டத்தின் பார்வையில் சம்மதம் நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும்.

அடுத்து நிபந்தனைகள். 'பின்னணிச் சரிபார்ப்பும் மருத்துவப் பரிசோதனையும் திருப்தியாக இருந்தால்' என்ற வரி ஏறக்குறைய எல்லா ஆஃபரிலும் இருக்கும். அந்தக் காரணத்தைச் சொல்லி நிறுத்தினால், எந்த விவரம் ஒத்துப்போகவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். பழைய கம்பெனி தேதியைத் தவறாகச் சொல்லியிருக்கலாம், சம்பளச் சீட்டைக் காட்டிச் சரிசெய்துவிடலாம். நீங்களே அனுபவத்தைக் கூட்டிச் சொல்லியிருந்தால் மட்டும் வழக்கை மறந்துவிடுங்கள். பொய்யான விவரத்தால் பெற்ற ஒப்பந்தத்தை ரத்துசெய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு.

மிகவும் கஷ்டமான வரி இன்னொன்று: 'சேரும் நாள் வரை எந்நேரமும் காரணம் கூறாமல் இந்த ஆஃபரை ரத்துசெய்யும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு.' இது இருந்து, நீங்களும் கையெழுத்திட்டிருந்தால், வழக்கு பாதியாய் மெலிந்துவிடும். முழுதாகப் போய்விடாது. 'சீக்கிரம் ரிசைன் போடுங்கள், இடம் உறுதி' என்று அவர்கள் தனியாக எழுதிய மெயிலோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால், அதை வைத்து வாதாட இடமுண்டு.

எவ்வளவு கேட்கலாம்?

ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, மீறலால் இயல்பாக விளைந்த நஷ்டத்துக்கும், விளையும் என்று இரு தரப்பும் முன்பே அறிந்திருந்த நஷ்டத்துக்கும் ஈடு தரச் சொல்கிறது. தூரத்து நஷ்டங்களை அது சேர்ப்பதில்லை. 'அங்கே ஐந்து வருடம் இருந்திருப்பேன், மேனேஜர் ஆகியிருப்பேன்' என்பதெல்லாம் அங்கே எடுபடாது. நஷ்டத்தைக் குறைக்க உங்களுக்கு என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. பழைய கம்பெனியின் மறுப்பு மெயிலும், வேறு வேலைக்கு விண்ணப்பித்த பட்டியலும் இங்கே உதவும்.

இதைவிட முக்கியமான இடம் புது நியமனத்தின் நோட்டீஸ் விதி. 'தகுதிகாண் காலத்தில் ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம் தந்து விலக்கலாம்' என்று அதில் இருந்தால், நீங்கள் சேர்ந்த மறுநாளே ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கலாமே என்று எதிர்த் தரப்பு வக்கீல் கேட்பார். அந்த வாதத்துக்குப் பலம் உண்டு. நோட்டீஸ் கொடுத்து முடித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தத்தில் இழப்பீடு அந்த நோட்டீஸ் காலத்து அளவுதான் என்று 1990இல் அமிர்தசரஸ் கேஸ் சர்வீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது வேலை ஒப்பந்தம் அல்ல, கேஸ் விநியோக ஒப்பந்தம். ஆனாலும் வேலை வழக்குகளிலும் அதே அளவுகோல்தான் முன்வைக்கப்படுகிறது.

இனி நம் கோவைப் பெண்ணின் கணக்கு. அவருக்கு ஆகஸ்ட் 18இல், பத்து வாரம் கழித்து வேறு வேலை கிடைத்தது. கணக்கை இரண்டு விதமாகப் போடலாம்.

ஒப்பந்தம் நிறைவேறியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பது முதல் விதம். நோட்டீஸ் அளவு ஒரு மாதச் சம்பளம் 70,000. திருப்பித் தருவதாக எழுதிக்கொடுத்த நோட்டீஸ் பணம் 52,000. வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடித்துக்கொண்ட ஒரு மாத வாடகை 14,000. ஆக 1,36,000 ரூபாய். லாரி முன்பணம் இதில் வராது, ஏனென்றால் வேலை கிடைத்திருந்தாலும் அந்தச் செலவு அவருடையதே.

அந்த ஆஃபரே வராதிருந்தால் அவர் எங்கே இருந்திருப்பார் என்பது இரண்டாம் விதம். வாரம் 12,000 வீதம் பழைய சம்பளம் பத்து வாரத்துக்கு 1,20,000. நோட்டீஸ் பணம் 52,000, வாடகை 14,000, லாரி 3,000. ஆக 1,89,000 ரூபாய்.

இரண்டையும் கலந்து கூட்டாதீர்கள். பழைய சம்பளத்தையும் புதுச் சம்பளத்தையும் ஒரே மாதத்துக்குக் கேட்டால், மீதிக் கணக்கின் மீதும் நம்பிக்கை போய்விடும். வக்கீல் நோட்டீஸில் இரண்டாம் தொகையைக் கேட்கலாம். பேச்சுவார்த்தையில் முதல் தொகையை ஒட்டி வந்தால் ஒப்புக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. 'திருப்பித் தருகிறோம்' என்ற மெயில் இல்லாதிருந்தால் அந்த 52,000 ரூபாய்க்காகப் பெரிதாக வாதாட வேண்டியிருக்கும். ஒரு வரி மெயிலின் விலை இங்கே ஒரு மாதச் சம்பளம்.

யாரிடம் போவது

தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். நீங்கள் அங்கே ஒரு நாளும் வேலை செய்யவில்லை என்பதால், ஊழியர் என்ற தகுதியே பிறக்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழைய கம்பெனி கடைசிக் கணக்கைத் தராமல் இழுத்தால் அங்கே போகலாம். நுகர்வோர் நீதிமன்றமும் இதற்கில்லை. காவல் நிலையமும் அப்படித்தான். வெறும் ஒப்பந்த மீறலுக்கு எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள். வேலை தருவதாகச் சொல்லி டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று உங்களிடம் பணம் வாங்கியிருந்தால் கதை வேறு. அது மோசடி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் புகார் கொடுங்கள்.

அரசு வேலை, பொதுத்துறை வேலை என்றால் பாதை வேறு. அங்கே உயர் நீதிமன்றத்தில் 226ஆம் உறுப்பின்கீழ் ரிட் மனு போடலாம். தேர்வுப் பட்டியலில் பெயர் வந்தாலே வேலை உரிமையாகிவிடாது, அதே சமயம் அரசு தன் இஷ்டத்துக்கு மறுக்கவும் முடியாது என்பது 1991ஆம் ஆண்டின் சங்கர்சன் தாஸ் வழக்குத் தீர்ப்பு.

தனியார் என்றால் முதல் படி வக்கீல் நோட்டீஸ். கம்பெனியின் பதிவு அலுவலக முகவரிக்கு அனுப்ப வேண்டும். உங்களை நேர்முகம் செய்த கிளை அலுவலகத்துக்கு மட்டும் அனுப்பினால் எச்.ஆர். மேசையிலேயே கிடக்கும். பதிவு அலுவலகம் எது என்பது லெட்டர்ஹெட்டின் அடியில் இருக்கும். ஸ்பீட் போஸ்டிலும் மெயிலிலும் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். ஆவணங்கள் சுத்தமாக இருந்தால், இந்தக் கட்டத்தில் சட்டப் பிரிவு வரை விஷயம் போய்ச் சமரசத்துக்கு வழி பிறப்பதுண்டு.

பதில் இல்லையா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடிவானால் அது சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், கட்டணமும் இல்லை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீலும் கிடைப்பார். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து விசாரிக்கலாம். எதிர்த் தரப்பு வர மறுத்தால் இந்த வழி அங்கேயே முடிந்துவிடும்.

கடைசியில் சிவில் வழக்கு. தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கோர்ட் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். 1,36,000 ரூபாய்க்கு 4,080 ரூபாய், வக்கீல் கட்டணம் தனி. வழக்கு வருடக்கணக்கில் நடக்கும். எங்கே போடலாம் என்பதை ஆஃபர் லெட்டரிலேயே பாருங்கள். 'பெங்களூர் நீதிமன்றங்களுக்கே அதிகாரம்' என்றோ, 'தகராறுகள் நடுவர் மூலம்' என்றோ எழுதியிருந்தால் செலவு கூடும். ஒரு லட்ச ரூபாய்க்குள் நஷ்டம் உள்ளவர் இந்தப் படியில் ஏறுவதற்கு முன் இரண்டு தரம் யோசிக்க வேண்டும்.

மெயிலும் வாட்ஸ்அப்பும் சாட்சியமாக ஏற்கப்பட, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். மூல மெயிலும், செய்தி வந்த அதே போனும் உங்களிடம் இருக்கட்டும். பழைய கம்பெனி மெயில் முகவரிக்கு வந்தவற்றில் உங்கள் ராஜினாமா தொடர்பானதை மட்டும் கடைசி நாளுக்குள் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்தக் கணக்கு திறக்காது.

ரத்து செய்யாமல் 'சேரும் தேதியைத் தள்ளிவைக்கிறோம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டே போகிறவர்களும் உண்டு. அடுத்த தேதியை எழுத்தில் கேளுங்கள். இரண்டாம் முறையும் தள்ளினால், 'இந்தத் தேதிக்குள் சேர்க்காவிட்டால் ஒப்பந்த மீறலாகக் கொள்வேன்' என்று எழுதிவிட்டு வேறு வேலை தேடத் தொடங்குங்கள்.

ஒப்பந்த மீறலுக்கு இழப்பீடு கேட்க, 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று வருடம். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக அது நிற்காது. ரத்து மெயில் வந்த தேதியையும் மூன்று வருடம் முடியும் தேதியையும் உங்கள் ஃபைலின் மேலட்டையில் இன்றே எழுதி வையுங்கள்.